கொதிக்க வைத்தும் போகாத கரித்துணி நாற்றம்

மாலையில் பஜ்ஜி போட்டாயிற்று. அடுப்பு மேடையில் தெறித்த எண்ணெயைக் கரித்துணியால் துடைத்து, பாத்திர சோப்பில் இரண்டு கசக்குக் கசக்கி, பிழிந்து குழாயின் கழுத்தில் சுற்றிவிட்டுப் படுக்கப் போவது பல வீடுகளில் வழக்கம். காலையில் எடுத்து முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. நனைத்து, சூடான மேடையை ஒரு தரம் துடைத்ததும் ஊசல் வாடை குப்பென்று கிளம்பும். துடைத்த மேடையிலும் அதே வாடை, கையிலும் அதே வாடை.

காய்ந்திருக்கும்போது இல்லாத நாற்றம் நனைந்ததும் வருகிறது என்றால் அதற்குப் பொருள் உண்டு. அழுக்கு துணியைவிட்டுப் போகவே இல்லை. சமையல் எண்ணெய் சூடும் காற்றும் பட்டு, நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் பிசுக்காக மாறுகிறது. புகைபோக்கி விசிறியின் இறக்கைகளில் படியுமே, அதே பிசுக்குத்தான் துணியின் இழைகளுக்கு நடுவிலும் படிகிறது. குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் அன்றைய எண்ணெயை எடுத்துவிடும். போன வாரத்துப் பிசுக்கை அசைக்காது. அந்தப் பிசுக்கில் சோற்றுத் துகளும் குழம்புத் துளியும் ஒட்டிக்கொள்ள, பாக்டீரியாவுக்கு இடமும் தீனியும் கிடைத்துவிடுகின்றன.

துவைத்த துணியிலும் திரும்பத் திரும்ப வரும் இந்த ஈர வாடைக்கு எந்தக் கிருமி காரணம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்து எழுதினார்கள். அதன் பெயர் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். துணியில் மிஞ்சிய அழுக்கிலிருந்து நாற்றமுள்ள ஓர் அமிலத்தை அது உண்டாக்குகிறது. வறட்சியையும் புறஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கக்கூடியது என்பதால், பிசுக்குத் துணியை வெயிலில் மட்டும் போட்டு எடுத்தால் வாடை இரண்டே நாளில் திரும்பிவிடுகிறது.

துணி சுத்தமாகிவிட்டதா என்று மூக்கைக் கேட்பதைவிட ஒரு சொட்டுத் தண்ணீரைக் கேட்பது நல்லது. நன்றாகக் காய்ந்த துணியை விரித்து, நடுவில் ஒரு சொட்டு விடவேண்டும். சுத்தமான பருத்தித் துணி அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். பிசுக்குத் துணியில் சொட்டு உருண்டையாக மேலேயே நிற்கும். அல்லது தயங்கித் தயங்கி இறங்கும். சொட்டு நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறது.

அந்த எண்ணெயை எடுக்கக் காரமும் கொதியும் சேர்ந்து வேண்டும். சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்தது இந்தக் கணக்கில்தான். உவர்மண்ணில் இருந்த சோடியம் கார்பனேட்டைத்தான் இன்று கடையில் வாஷிங் சோடா என்று வாங்குகிறோம். ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடா வேறு. அதன் காரம் மிகக் குறைவு. அதை வினிகரோடு கலந்து நுரை வரவழைப்பது பார்க்க நன்றாக இருக்குமே தவிர, ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் இரண்டின் வேலையும் கெட்டுப்போகும்.

பழைய பருத்தித் துண்டைக் கிழித்துச் செய்த இரண்டு கரித்துணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடுப்பை மூட்டும் முன்பே இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்துவிட வேண்டும். கொதிக்கும் நீரில் திடீரென்று போட்டால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்துக் கறுக்க வைத்துவிடும். ஒரு தேக்கரண்டி துணிப்பொடியும் சேர்த்துத் துணிகளைப் போட்டு, கொதி வந்தபின் தணலைக் குறைத்து இருபது நிமிடம் விடலாம்.

தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறி, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். இடுக்கியால் துணியை அப்படியே மேலே தூக்கினால், வெளியே வந்த எண்ணெய் துணியிலேயே மறுபடி படிந்துவிடும். முதலில் மேல்நீரைப் படலத்தோடு சாய்த்து ஊற்றிவிட்டு, பிறகு துணியை எடுத்து வெந்நீரில் அலச வேண்டும். கையுறை அவசியம். கையில் வழுக்கும் தன்மை போகும்வரை அலசினால் சோடா நீங்கிவிட்டது என்று பொருள். ஓராண்டுப் பிசுக்குத் துணி என்றால், புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை கொதிக்க வைக்காமல் சொட்டுச் சோதனையில் தேறாது.

பிளீச்சிங் பவுடர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். பிசுக்குத் துணியில் அதன் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எண்ணெய் போன பிறகு வேண்டுமானால் போடலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதோடு சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சேர்க்கையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

ஸ்கிரப்பரின் கதை இதைவிடக் கடினம். துணியை விரித்தால் காய்ந்துவிடும். ஸ்பாஞ்சை விரிக்க முடியாது. போதாக்குறைக்கு நம் வீடுகளில் அது இருக்கும் இடம் சோப்புக் கிண்ணம். பாத்திர சோப்புக் கட்டி கரைந்து கூழாகி, அதன்மேல் ஸ்கிரப்பர் இரவெல்லாம் ஊறிக் கிடக்கிறது. அதில் படரும் கொழகொழப்பு சோப்பு மட்டுமல்ல. பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றித் தாங்களே கட்டிக்கொள்ளும் பசைப் படலமும் அதில் இருக்கிறது. ஜெர்மனியில் 2017-இல் வீடுகளிலிருந்து 14 ஸ்பாஞ்சுகளை வாங்கிச் சோதித்தபோது, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடி பாக்டீரியா வரை இருந்தன. துணியை நாற வைக்கும் அதே மொராக்செல்லா அங்கும் நிறைய இருந்தது.

அந்த ஆய்வில் கவலை தரும் செய்தி வேறொன்று. அடிக்கடி சூடுபடுத்திச் சுத்தம் செய்ததாக வீட்டார் சொன்ன ஸ்பாஞ்சுகளில் பாக்டீரியா குறைந்திருக்கவில்லை. கொதிநீர் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் பொந்துகளுக்குள் சோற்றுத் துகளும் ஈரமும் அப்படியே இருக்க, தப்பியவை மளமளவென்று பெருகிவிடுகின்றன. ஒரு தடவை கொழகொழவென்று ஆகிவிட்ட ஸ்பாஞ்சை மீட்க உழைப்பது வீண். தூக்கிப் போடுவதே சரி.

புதிதாக வாங்குவதைக் காய வைக்கும்படி வைத்துக்கொள்ளலாம். தேய்த்து முடித்ததும் ஓடும் தண்ணீரில் பல தடவை பிழிந்து, உள்ளே ஒரு பருக்கைகூட இல்லாமல் செய்து, தொட்டியிலிருந்து தள்ளி ஒரு கொக்கியில் மாட்ட வேண்டும். சோப்புக் கட்டிக்குத் துளையுள்ள தனித் தட்டு. இரண்டு ஸ்கிரப்பர் வைத்து, ஒன்று ஒருநாள் முழுக்கக் காயும்போது மற்றதைப் புழங்குவது இன்னும் நல்லது. தடித்த ஸ்பாஞ்சுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் வலையோ, தேங்காய் நாரோ, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடோ இருந்தால் காற்று ஊடே போய் வரும், சீக்கிரம் உலரும்.

மீன், கோழி கழுவிய தொட்டியைத் துடைக்கத் தனித் துணி வேண்டும். அது அன்றே கொதிநீருக்குப் போகட்டும். அடைமழை நாளில் கொடியில் போட்ட கரித்துணி மாலைவரை ஈரமாகவே இருந்தால், இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துக் காய வைத்துவிடலாம். மழைக்காலம் முடியும்வரை நாலைந்து துணிகளை மாற்றி மாற்றிப் புழங்கினால் அந்த வேலையும் குறையும்.