தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் ஒளிப்பட நிகர் கணினிப்படம்: விகிதம், சமச்சீர், திருவுருவ ஒழுங்கு

ஆய்வுச் சுருக்கம்

வழிபாட்டிடங்களின் புறத்தோற்றத்தை ஒளிப்படத்திற்கு நிகராகக் கணினியில் உருவாக்கும்போது விமானம், சிகரம் ஆகியவற்றின் விகிதம் பிறழ்வதற்கான காரணங்களை இக்கட்டுரை தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை முன்வைத்து விளக்குகிறது. ஒளிப்படத்திலிருந்து அளவெடுப்பதால் நேரும் பிழை, பாதியைப் பிரதிபலித்து முழுமையாக்குவதால் திருவுருவங்களிலும் கல்வெட்டுகளிலும் நேரும் பிறழ்ச்சி, நிழல் பற்றிய வழக்காற்றை ஒளியமைப்பில் பின்பற்றுவதால் வரும் பிழை ஆகிய மூன்றும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விமானம், எண்பட்டைச் சிகரம், நேர்வீழ்ப்பு, சமச்சீர், முப்பரிமாண மாதிரி, இராசராசீச்சரம்

உயரம் என்னும் முதற் சிக்கல்

முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இக்கோயில் விமானத்தின் உயரம் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. 190 அடி என்பாரும் உளர். 216 அடி என்பாரும் உளர். முன்னது ஏறத்தாழ 58 மீட்டர். பின்னது ஏறத்தாழ 66 மீட்டர். விமானத்தின் அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர் எனக் கொண்டால், உயரத்திற்கும் அடிப்பக்கத்திற்கும் உள்ள விகிதம் முன்னதில் 1.93 ஆகவும் பின்னதில் 2.19 ஆகவும் அமையும். இவ்வேறுபாடு சிறிதன்று. இரண்டு மாதிரிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் தோன்றும்.

216 என்னும் எண் தமிழ் உயிர்மெய் எழுத்துகளின் தொகையோடு ஒப்பிட்டுப் பரவலாகப் பேசப்படுகிறது. இவ்வொப்புமை மேடைக்குச் சுவை தரலாம். மாதிரி அமைப்பவருக்கு அது சான்றாகாது. அளவிடும்போது உபபீடத்தின் அடியிலிருந்து தொடங்கினார்களா, அதிட்டானத்திலிருந்து தொடங்கினார்களா, ஸ்தூபியையும் சேர்த்தார்களா என்பது தெரியாத உயரத்தை எந்த மாதிரியிலும் ஏற்றுதல் கூடாது. பியர் பிச்சார்ட் 1995இல் வெளியிட்ட கட்டடக்கலை ஆய்வில் உள்ளவை போன்ற அளவை வரைபடங்களைத் தொடக்கமாகக் கொள்வதே முறை. அவற்றில் ஒவ்வொரு தளத்தின் உயரமும் அகலமும் தனித்தனியே கிடைப்பதால், மொத்த உயரம் ஓர் ஊகமாக அன்றிக் கூட்டுத்தொகையாக வந்து சேர்கிறது.

தள உயரங்கள் சமமல்ல என்பதையும் இங்கே கருத வேண்டும். செங்குத்தாக எழும் இருதளச் சுவரின் மேல், ஒடுங்கிச் செல்லும் தளங்கள் மேலே போகப்போக உயரத்திலும் குறைகின்றன. ஒரு தளத்தை வரைந்து அதையே சுருக்காமல் அடுக்கிச் செல்பவரின் மாதிரி, விமானமாக இராது படிக்கட்டாகத் தோன்றும். ஒரிசாக் கோயில்களின் வளைகோட்டு நினைவில் பக்கக்கோட்டை உட்குழித்தோ வெளிப்புடைத்தோ வரைவதும் பிழையே. தஞ்சை விமானத்தின் புறக்கோடு ஏறத்தாழ நேரானது.

ஒளிப்படம் எவ்வாறு பொய்க்கிறது

அளவை வரைபடம் கிட்டாதவர்கள் ஒளிப்படத்தைப் பின்னணியில் வைத்து அதன்மேல் மாதிரியை ஒட்டி வரைகின்றனர். பெரும்பாலான விகிதப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. படக்கருவியை அண்ணாந்து பிடிப்பதால் செங்குத்துக் கோடுகள் மேலே குவிகின்றன என்பதும், அதை மென்பொருளில் நிமிர்த்திவிடலாம் என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால் கோடுகளை நிமிர்த்தினால் விகிதமும் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு. காரணம் சாய்வில் இல்லை, ஆழத்தில் உள்ளது. விமானத்தின் உச்சி அதன் முன்சுவருக்கு நேர் மேலே இல்லை. அடிப்பக்கத்தின் பாதியளவு, அதாவது 15 மீட்டர், பின்னால் தள்ளி நடு அச்சில் நிற்கிறது. தொலைவிலுள்ளது சிறிதாகத் தெரியும் என்ற எளிய விதியால், அடி உள்ளபடி பெரிதாகவும் உச்சி சுருங்கியும் பதிவாகின்றன.

இதைக் கணக்கிட்டுக் காணலாம். எளிமைக்காக உயரம் 60 மீட்டர், அடிப்பக்கம் 30 மீட்டர் எனக் கொள்வோம். உண்மை விகிதம் 2. தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் படக்கருவி கிடைமட்டமாக நிற்கிறது. முன்சுவரிலிருந்து 40 மீட்டர் தொலைவில் நின்றால், உச்சி 55 மீட்டர் தொலைவில் உள்ளது. உச்சியின் படிம உயரம் 58.4 ஐ 55ஆல் வகுக்கக் கிடைக்கும் 1.06. கண்மட்டத்திற்குக் கீழுள்ள பகுதி 0.04. ஆக மொத்தம் 1.10. முன்சுவரின் படிம அகலம் 30 ஐ 40ஆல் வகுத்த 0.75. படத்தில் தோன்றும் விகிதம் எனவே 1.47 மட்டுமே. இதை உண்மை எனக் கொண்டு 30 மீட்டர் அடியில் மாதிரி எழுப்புபவரின் விமானம் 44 மீட்டரோடு நின்றுவிடும். 120 மீட்டர் தொலைவில் அதே விகிதம் 1.78 ஆகவும், 300 மீட்டர் தொலைவில் 1.91 ஆகவும் உயர்கிறது.

இக்கணக்கில் 40 மீட்டர் என்னும் தொலைவு தற்செயலாகக் கொள்ளப்பட்டதன்று. கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது. இரு சதுரங்கள் இணைந்த அமைப்பில் மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம் நிற்கிறது. தெற்கில் அச்சிலிருந்து மதில்வரை 60 மீட்டர். அதில் விமானத்தின் பாதியையும் திருச்சுற்று மாளிகையின் அகலத்தையும் கழித்தால் நிற்க இடம் கிடைப்பது ஏறத்தாழ 40 மீட்டர்தான். கிழக்கில் வெகுதூரம் பின்செல்லலாம்; அங்கே மண்டபங்கள் விமானத்தின் அடியை மறைத்துவிடுகின்றன. ஆக, அடிமுதல் நுனிவரை முழுமையாகத் தெரியும் தரைமட்டப் படங்கள் பெரும்பாலும் விகிதம் குறைந்த படங்களாகவே உள்ளன. இதை உணர்ந்த சிலர், மாதிரி குட்டையாகத் தெரிகிறதே என்று மேற்பகுதியைக் கண்ணளவில் இழுத்து நீட்டுகின்றனர். அதனால் கிரீவம் நீண்டு, சிகரம் முட்டை வடிவம் பெற்றுவிடுகிறது.

ஒளிப்படத்தை விட்டால் வழியில்லை எனில், ஒரே ஆழத்தில் உள்ள உறுப்புகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். சிகரத்தின் அகலத்தையும் கிரீவத்தின் உயரத்தையும் ஒப்பிடலாம். சிகரத்தின் அகலத்தையும் அதிட்டானத்தின் அகலத்தையும் திருத்தமின்றி ஒப்பிடக் கூடாது. மாதிரி முடிந்தபின், மென்பொருளின் நேர்வீழ்ப்புப் பார்வையில் (பிளெண்டரில் `Orthographic`) வைத்து வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அப்பார்வையில் ஆழம் அளவைப் பாதிப்பதில்லை.

சிகரத்தைச் சரிபார்க்க மற்றோர் எளிய வழியும் உண்டு. சிகரம் எண்பட்டை வடிவினது, அடி சதுரம். நேர்வீழ்ப்பில் மாதிரியை 45 பாகை திருப்பினால் சதுர அடியின் தோற்ற அகலம் 1.41 மடங்காகும். எண்பட்டையோ 45 பாகைக்கு ஒருமுறை தன்னையே ஒத்திருப்பதால் அதன் அகலம் மாறாது. திருப்பும்போது சிகரத்தின் அகலமும் மாறினால், பட்டைகள் சமமாக இல்லை என்பது உறுதி. கோபுரத்தின் சாலை வடிவ உச்சியை விமானத்தின்மேல் வைத்துவிடும் அடிப்படைப் பிழையும் இச்சோதனையில் உடனே வெளிப்படும்.

இறுதிப் படத்திற்குக் கருவியைக் கிடைமட்டமாகவே நிறுத்தி, `Shift Y` மதிப்பைக் கூட்டி உச்சியைச் சட்டத்திற்குள் கொணரலாம். மதிலுக்கு அப்பால் கற்பனைக் கருவியை நிறுத்தி மதிலை மறைத்துப் படமெடுப்பதும் இயலும். விகிதத்திற்கு அது நன்று. ஆயினும் எந்த மனிதரும் நின்று காண முடியாத காட்சி அது என்பதைப் படக்குறிப்பில் சொல்லிவிடுவது ஆய்வு நேர்மை.

சமச்சீரின் எல்லை

நான்கு பக்கமும் ஒத்த விமானத்திற்கு ஒரு பாதியை வரைந்து மறுபாதியைப் பிரதிபலிப்பால் (`Mirror`) பெறுவது பொதுவான உத்தி. அரைத்தூண்கள், கூடுகள், கர்ணகூடம், சாலை, பஞ்சரம் ஆகியவற்றிற்கு அது பொருந்தும். கோட்டங்களில் உள்ள திருவுருவங்களுக்குப் பொருந்தாது. கண்ணாடியில் கவிழ்ந்த ஆடவல்லானின் தூக்கிய திருவடி இடமாக இல்லாது வலமாகிவிடும். தென்முகக் கடவுளின் வலக்கை முத்திரை இடக்கைக்குப் போய்விடும். மேல்வரிசைக் கோட்டங்களில் திரிபுராந்தகர் வடிவம் திரும்பத் திரும்ப வருவதால், ஒன்றையே வரைந்து இருபுறமும் கவிழ்த்துவிடும் ஆவல் எழும். கவிழ்த்தால் வில் வலக்கையில் அமர்ந்துவிடும். காண்போருள் பலர் இதைக் கவனிக்காமல் போகலாம். வழிபடுவோரும் சிற்பம் கற்றோரும் கவனிப்பர். அவர்களுக்கு அது தொழில்நுட்பக் குறையாக அல்ல, அவமதிப்பாகவே தோன்றும்.

அதிட்டானத்தில் பிழை மேலும் வெளிப்படையானது. அங்கே இராசராசனின் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின்மேல் வைக்கக் கொடுத்த செப்புக்கலசம் பற்றிய செய்தியும் இக்கோயில் கல்வெட்டில் உள்ளது. ஒளிப்பட மேற்பரப்பைப் பிரதிபலித்த பாதியில் ஒட்டினால் எழுத்துகள் இடவலமாகக் கவிழ்கின்றன. ஒரு கணினிப்படம் கவிழ்த்துச் செய்யப்பட்டதா என்று அறிய விரும்புவோர், அதிட்டானத்தைப் பெரிதாக்கி இருபுறமும் ஏதேனும் ஓர் எழுத்தைப் படித்துப் பார்த்தாலே போதும். கட்டட உறுப்புகளை மட்டும் பிரதிபலித்து, திருவுருவங்களையும் எழுத்துப் பரப்பையும் தனித்தனிப் பொருள்களாக அந்தந்த இடத்தில் வைப்பதே இதற்குத் தீர்வு. விமானத்தைப் பக்கத்திற்குப் பக்கம் 90 பாகை சுழற்றிப் படியெடுத்தால் கவிழ்ச்சி நேராது; ஆனால் கிழக்குப் பக்கத்தில் அர்த்தமண்டபம் இணைவதால் சுழற்சி மூன்று பக்கங்களுக்கே பயன்படும்.

விமானம் சமச்சீரானது என்பதால் வளாகமும் அவ்வாறே எனக் கொள்ள இயலாது. வடக்கே சண்டேசுவரர் கோயில் உள்ளது. தெற்கே அதற்கு இணை இல்லை. வடமேற்கிலுள்ள சுப்பிரமணியர் கோயிலும், கிழக்கிலுள்ள பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பிற்காலச் சேர்க்கை. சட்டத்தின் அழகுக்காக இவற்றுள் ஒன்றை நீக்குவதோ இணையொன்றைச் சேர்ப்பதோ வரலாற்றைத் திரிப்பதாகும். 1010ஆம் ஆண்டின் தோற்றமென்றால் பிற்காலக் கட்டடங்கள் அனைத்தும் நீங்க வேண்டும். இன்றைய தோற்றமென்றால் அனைத்தும் இருக்க வேண்டும். இரண்டிலிருந்தும் விரும்பியதை எடுத்துச் சேர்த்த படங்களே மிகுதி.

ஒளியும் நிழலும்

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் வழக்காறு கணினிப்படங்களிலும் நுழைந்துள்ளது. சிலர் நிழலை அணைத்துவிடுகின்றனர். தஞ்சை ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் உள்ளது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் ஞாயிறு 56 பாகை அளவே உயர்ந்திருக்கும். 60 மீட்டர் உச்சியின் நிழல் அச்சிலிருந்து வடக்கே ஏறத்தாழ 41 மீட்டர் நீளும். அடித்தளத்தின் பாதி 15 மீட்டரைக் கழித்தால், 26 மீட்டர் நிழல் தரையில் கிடக்க வேண்டும். ஞாயிறு உச்சிக்கு அருகில் வரும் மாதங்களில் மட்டுமே நண்பகலில் அந்நிழல் அடித்தளத்திற்குள் அடங்குகிறது.

வடபுறச் சுவரின் ஒளியும் இவ்வாறே நாளைப் பொறுத்தது. நண்பகலில் அச்சுவரில் நேர்வெயில் படுவது ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதிவரை மட்டுமே. தைப்பொங்கல் காலத்து நண்பகல் காட்சி என்ற குறிப்போடு வடசுவரை வெயிலில் மின்னச் செய்யும் படத்தில், கல்லின் நிறமும் மேற்பரப்பும் எவ்வளவு நுட்பமாக அமைந்திருந்தாலும், ஞாயிறு தவறான திசையில் நிற்கிறது. ஆகவே படமாக்கத்திற்கு முன் நாளையும் நேரத்தையும் முடிவு செய்து, அதற்குரிய ஞாயிற்றின் உயரத்தையும் திசையையும் கணக்கிட்டு ஒளிமூலத்தை நிறுவ வேண்டும்.