பெருவிரல் நகம் இருபுறமும் குத்துதா? ஓரத்தை வெட்டினால் தீராது, ஏன்?

கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய 62 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் போட்டால் பெருவிரலில் உயிர் போகிற வலி. போர்வை பட்டாலும் வலிக்கிறது. மாதம் ஒருமுறை மகள் நகத்தின் ஓரத்தை ஆழமாக வெட்டிவிடுகிறார். ஒரு வாரம் சுகம், பிறகு பழையபடி "குத்துது".

இது சாதாரணமாகச் சதைக்குள் வளரும் நகம் அல்ல. நுனியிலிருந்து பார்த்தால் நகம் குழாய்போல் சுருண்டு, இரு ஓரமும் சதையைக் கிள்ளிப் பிடிக்கும். மருத்துவர்கள் இதைப் 'பின்சர் நகம்' என்கிறார்கள்.

ஏன் சுருளுகிறது?

நகத்துக்கு இயல்பாகவே உள்நோக்கி வளையும் தன்மை உண்டு. நடக்கும்போது தரை விரலைக் கீழிருந்து தள்ளுவதால்தான் அது விரிந்து நிற்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அந்த அழுத்தம் இல்லை. வலிக்குப் பயந்து குதிகாலால் நடப்பவர்களுக்கும் அது குறைகிறது. நகம் இன்னும் சுருளும்.

இறுக்கமான காலணி, பூஞ்சைத் தொற்று, சொரியாசிஸ், விரல் மூட்டுத் தேய்மானம், நகத்தடியில் எலும்பு முளைப்பது ஆகியவையும் காரணமாகலாம். இரு கால்களிலும் ஒரே மாதிரி இருந்தால் பரம்பரையாக இருக்கக்கூடும்.

என்ன செய்யலாம்?

முதலில் முனை அகன்ற காலணிக்கு மாறுங்கள். நகத்தை நேராக வெட்டி, மேற்பரப்பை மெல்ல அரத்தால் தேய்த்து மெலிதாக்கினால் அழுத்தம் குறையும். ஓரத்தை ஆழமாக வெட்டினால் உள்ளே கூரான துண்டு தங்கி, வளரும்போது சதையைக் கிழிக்கும்.

அடுத்து, நகத்தின்மேல் கம்பியோ பிளாஸ்டிக் பட்டையோ பொருத்தி மெதுவாக நிமிர்த்தும் முறை. இதில் வெட்டு இல்லை, வலியும் சீக்கிரம் குறையும். ஆனால் கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அதனால் பல மாதங்கள் பிடிக்கும். பட்டையை எடுத்தபின் மறுபடி சுருளலாம்.

திரும்பத் திரும்ப வந்தால், விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரத்தை எடுத்து, அது முளைக்கும் வேரைப் பீனால் வைத்து அழிப்பார்கள். நகம் நிரந்தரமாகக் குறுகிவிடும். சில வாரங்கள் நீர் கசியும். நகத்தடியில் எலும்பு முளைத்திருந்தால் அதையும் அகற்ற வேண்டும். அதற்காகத்தான் எக்ஸ்ரே கேட்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு முளை இல்லை, நீரிழிவும் இல்லை என்றால், காலணியை மாற்றி, பட்டை பொருத்திப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

நீரிழிவோ கால் இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் வீட்டில் நகத்தில் கை வைக்காதீர்கள். சீழ், பரவும் சிவப்பு, விரல் கறுத்துப்போவது, காய்ச்சல் தெரிந்தால் அன்றே கிளினிக் கெசிஹாத்தானுக்கோ மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.