களைப்புக்கு ஒரு வணக்கம்

அம்மா கியா பார்ம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்தில், பெரட்டுக் களத்தில் வணக்கம் ஒரே திசையில்தான் போகும். "சலாம் தொரை." துரை தலையசைத்தால் அன்றைக்கு நல்ல நாள். சாயங்காலம் கூடையை நிறுத்து, கிராணி எடையை எழுதிக்கொண்டதும் எல்லாரும் பேசாமல் லயத்துக்கு நடப்பார்கள். "களைச்சுப் போயிட்டியா?" என்பது வீட்டுக்குள் கேட்கிற கேள்வி.

1982-இல் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். அதன் பின்னால் வந்த ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த சில நாளில், காலை பத்து மணிக்கு நடைவழியில் எதிரே வந்தவர் "ஒத்ஸுகரேசமா தெஸ்" என்றார். 'த்ஸுகரே' என்றால் களைப்பு என்று வகுப்பில் படித்திருந்தேன். முகம் அவ்வளவு வாடியா இருக்கிறது என்று கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன்!

முகத்தில் ஒன்றுமில்லை. உன் உழைப்பு தெரிகிறது என்று மரியாதையாகச் சொல்வதுதான் அது. கூட வேலை பார்க்கிறவரைக் கடக்கும்போதும், அலுவலகத்துக்குள் தொலைபேசி எடுத்ததும், உள்கடிதத்தின் முதல் வரியிலும் 'தெஸ்' என்று முடியும். வேலை முடிந்துவிட்டால் 'தெஷிதா'. முதலில் கிளம்புகிறவர் "ஒசாகினி ஷிட்சுரேய் ஷிமாஸ்" என்று, முந்திப் போவதற்கு மன்னிப்புக் கேட்பார். இருக்கிறவர்கள் "ஒத்ஸுகரேசமா தெஷிதா" என்று அனுப்பி வைப்பார்கள்.

நான் சறுக்கியது வேறொரு சொல்லில். பிரிவுத் தலைவர் கிளம்பும்போது, அவர் தினமும் எங்களிடம் சொல்கிற "கொகுரோசமா"வை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பக்கத்து மேசைக்காரர்தான், "அது மேலேயிருந்து கீழே வருகிற சொல்" என்று காதோடு சொன்னார். முற்காலத்தில் அதைக் கீழிருப்பவர் மேலே சொன்னதும் உண்டாம். இன்றைய அலுவலகத்தில் அந்த வழக்கம் செல்லாது. ஒத்ஸுகரேசமா இரு திசையிலும் போகும். பெரட்டுக் களத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஆனால் வேலியைத் தாண்டாது: வெளி நிறுவனத்தாரிடம் "ஒசேவா நி நத்தே ஒரிமாஸ்"தான், அதாவது உங்கள் தயவில் இருக்கிறோம் என்று.

இப்போது கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார். கேமரன் மலைக் குளிருக்காக மாதக்கணக்கில் தங்கும் ஜப்பானிய முதியவர்களில் ஒரு பாட்டி எனக்கு வாடிக்கை. முதல் நாள் பழக்கதோஷத்தில் அவரிடமே "ஒத்ஸுகரேசமா தெஸ்" என்றுவிட்டேன். "நான் என்ன வேலை செய்தேன்? முட்டைக்கோஸ்தானே வாங்கினேன்!" என்று சிரித்தார்.

போன வாரம் மழையில் ஸ்ட்ராபெரிப் பெட்டிகள் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். குடையோடு போன அந்தப் பாட்டி நின்று, "ஒத்ஸுகரேசமா" என்றார். அதையே திருப்பிச் சொல்ல வாய்வரை வந்தது. நிறுத்திக்கொண்டு, "அரிகாத்தோ கொசைமாஸ்" என்றேன்.