பழைய நண்பரிடம் சிபாரிசு கேட்பது எப்படி?
பதில் வராத கடிதமும், பதில் வந்த கடிதமும்!

கோவையில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒருவர் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். அவருடன் வேலை பார்த்த ஒருவர் 2020-ல் ஓசூரில் உள்ள வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

ஓசூர் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை காலி என்று இவருக்குத் தெரிய வந்தது. உடனே செல்போனை எடுத்தார். பழைய நண்பருக்கு இப்படி எழுதினார்:

"வணக்கம் அண்ணா. நலமா? உங்கள் கம்பெனியில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்."

நான்கு நாள் ஆயிற்று. பதில் இல்லை.

நண்பர் மீது தப்பு இல்லை

நண்பர் கல் மனம் படைத்தவர் அல்ல. கடிதத்தைப் படித்தார். ஆனால் அவர் என்ன செய்வார்? என்ன வேலை வேண்டும் என்று அதில் இல்லை. காலி இடங்களை அவரே தேட வேண்டும். இவருக்கு எது பொருந்தும் என்று அவரே யோசிக்க வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று வைத்தார். மறந்துவிட்டார்.

சிபாரிசு நடப்பது எப்படி?

பெரிய கம்பெனிகள் பலவற்றில் சிபாரிசுக்கு என்றே ஒரு படிவம் உண்டு. கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். வேலை எண் என்ன, இவரை எப்படித் தெரியும், ஏன் தகுதியானவர் என்றெல்லாம் அதில் கேட்பார்கள். சிபாரிசு செய்பவர் தம் பெயரைப் போட்டுப் பதில் எழுத வேண்டும்.

ஆகவே, அந்தப் படிவத்துக்கு வேண்டிய விவரம் முழுவதும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இருந்தால் நண்பருக்கு ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் அது பெரும் சுமை.

இரண்டாவது கடிதம்

கோவைக்காரர் விளம்பரத்தை மறுபடி நிதானமாகப் படித்தார். பிறகு இப்படி எழுதினார்:

"அண்ணா, வணக்கம். 2016 முதல் 2020 வரை உங்களோடு ஸ்டோரில் வேலை பார்த்தேன். உங்கள் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை காலி என்று விளம்பரம் பார்த்தேன். வேலை எண் 4172. நான் இன்னும் மனுப் போடவில்லை.

5 வருஷ அனுபவம் கேட்கிறார்கள். எனக்கு 9 வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில் சரக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்கிறார்கள். தினமும் டாலியில் 1,800 வகைப் பொருள்களுக்கு வரவு செலவு எழுதுகிறேன். சரக்குக் குறையாமல் பார்க்க வேண்டும் என்கிறார்கள். போன வருஷம் இருப்பு எடுத்தபோது 41 வகைகளில் கணக்கு ஒத்து வரவில்லை. இந்த வருஷம் 6 வகைகளில்தான்.

எஸ்.ஏ.பி. தெரிந்தால் நல்லது என்று போட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சரி என்று பட்டால் சிபாரிசு செய்வீர்களா? முடியாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. பயோடேட்டா இதனுடன் இருக்கிறது."

அன்று மாலையே பதில் வந்தது: "போட்டுவிட்டேன் தம்பி!"

என்ன வித்தியாசம்?

"நான் நன்றாக உழைப்பேன்" என்று அவர் எழுதவில்லை. அதை யாரும் எழுதலாம். 41 என்பது 6 ஆயிற்று என்று எழுதினார். அதை நண்பர் அப்படியே படிவத்தில் எழுத முடிந்தது.

தெரியாததையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நேர்முகத் தேர்வில் வெளிப்பட்டிருக்கும். அப்போது தலைகுனிவது இவர் மட்டும் அல்ல. பெயர் போட்ட நண்பரும்தான். அடுத்த முறை அவர் யாருக்குச் சிபாரிசு செய்தாலும் எடுபடாது.

"இன்னும் மனுப் போடவில்லை" என்ற வரியும் முக்கியம். முன்பே நேராக மனுப் போட்டவரைச் சிபாரிசுக் கணக்கில் சில கம்பெனிகள் சேர்ப்பதில்லை. ஆகவே முதலில் நண்பரைக் கேட்பதே நல்லது. விளம்பரத்தின் கடைசி நாள் நெருங்கிவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

ஒரே கம்பெனியில் நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் எழுதக் கூடாது. இரண்டு பேர் ஒரே பெயரைச் சிபாரிசு செய்தால் குழப்பம்தான் வரும்.

சிபாரிசு பதிவானதும், பல கம்பெனிகளிலிருந்து மனுதாரருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். ஒரு வாரமாகியும் வரவில்லையா? நண்பருக்கு ஒரு முறை நினைவுபடுத்தலாம். அதற்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது.

சிபாரிசு வேலையை வாங்கித் தராது. குவிந்து கிடக்கும் மனுக்களில் ஒன்றை எடுத்துப் பார்க்க வைக்கும். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் கோவைக்காரருக்கு அழைப்பு வந்தது. தேர்வில் கேட்ட முதல் கேள்வி இது: "41 வகை எப்படி 6 ஆயிற்று?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நண்பர் அல்ல. அவர்தான்!