ராத்திரி ஏற்றிய மீன், என்றைக்குப் பிடித்த மீன்?

அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. இங்கே மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் புதைபடிவங்களே அதற்குச் சாட்சி. இன்றைக்கோ வஞ்சிரமும் சங்கராவும் நாகப்பட்டினம் பக்கமிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வேனில் வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரரைக் கேட்டால், "ராத்திரி ஏத்துன மீனு சார், ஃப்ரெஷ்ஷு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வேனில் ஏறிய நேரத்தைச் சொல்கிறார். வலையில் விழுந்த நாள் பல சமயம் அவருக்கே தெரியாது.

ஐஸில் கூடும் வயது

விசைப்படகு கடலில் பல நாள் தங்கினால், முதல் நாள் பட்ட மீனும் கடைசி நாள் பட்ட மீனும் ஒன்றாகத்தான் கரைக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஐஸ் மீனைக் கெடாமல் நிறுத்திவிடாது. கெடுவதை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐஸ் சூழ்ந்து 0 டிகிரியில் இருக்கும் மீன் கெடும் வேகம் ஒன்று என்றால், 5 டிகிரியில் அது இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 10 டிகிரியில் நான்கு மடங்கு. ஒரு வஞ்சிரம் படகில் ஐந்து நாள் நல்ல ஐஸில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஏலம், வேன், கடைப்பலகை என்று ஒரு நாள் 10 டிகிரியில் கழிகிறது. அந்த ஒரு நாள் நான்கு நாளுக்குச் சமம். ஆக, நம் பையில் விழும்போது அதன் வயது ஒன்பது நாள். மீனின் வகையைப் பொறுத்து, நன்றாக ஐஸிட்ட மீன் இரண்டு வாரம் வரை தாங்கும். பாதிக்கு மேல் ஆயுளை முடித்த மீனைத்தான் ஃப்ரெஷ் என்று வாங்குகிறோம்.

கடலிலேயே உறைந்தால்

பிடித்த சில மணி நேரத்தில் கப்பலிலேயே உறைய வைக்கும் முறை, 1954இல் பிரிட்டனின் ஃபேர்ட்ரை என்ற கப்பல் கடலுக்கு வந்ததிலிருந்து பரவியது. மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே பாக்டீரியா பெருகாது. ஜப்பானியர் பச்சையாகத் தின்னும் சூரையை மைனஸ் 60 வரை கொண்டுபோகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் இப்படிப்பட்ட மீனின் வயது ஒரு நாளைக்கூடத் தாண்டாது.

நம் படகுகளில் இந்த வசதி அரிது. இங்கே உறைமீன் என்று விற்பதில் பெரும்பகுதி கரையில் உறைய வைத்தது. ஏழாம் நாள் மீனை உறைய வைத்தால் ஏழாம் நாள் மீன்தான் கிடைக்கும். உறைபெட்டி வயதை நிறுத்தும், குறைக்காது. மத்தி போன்ற எண்ணெய் மீன்கள் உறைபெட்டியிலும் சில மாதத்தில் காறலடிக்கும்.

கண் பார்த்து ஏமாறுவது

கண் பளிச்சென்று புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், அழுத்தினால் சதை மேலெழ வேண்டும். இதெல்லாம் ஐஸ் மீனுக்கான பரீட்சை. உறைந்து இளகிய மீனுக்குக் கண் வெளிறும், செவுள் நிறம் மங்கும். அது நல்ல மீனாகவே இருக்கலாம். ஐஸில் நேரே பட்டால் புது மீனின் கண்ணும் மங்கும். ஆகவே நான் கண்ணை நம்பி வாங்குவதில்லை. செவுள் மூடியைத் தூக்கி முகர்வேன். கடல் வாசம் வந்தால் சரி. புளித்த வாசமோ அமோனியா நெடியோ வந்தால் நகர்ந்துவிடுவேன். பிறகு வயிற்றைத் தொடுவேன். குடல் இருக்கும் இடம்தான் முதலில் தளரும்.

உறைமீன் பாக்கெட்டில் பார்க்க வேண்டியது வேறு. மூலையில் சிவந்த நீர் கட்டியாக உறைந்திருந்தால் அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது. வெள்ளையாகக் காய்ந்த திட்டுகள் இருந்தால் நாள்பட்டது.

குழம்பு கொதித்தாலும் போகாதது

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். குளிர் தவறினால் பாக்டீரியா அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். வாசத்தில் இது தெரிய வேண்டும் என்பதில்லை. கொதித்தாலும் வறுத்தாலும் அழியாது, உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, அரிப்பும் படபடப்பும் வரும். "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று பலர் நினைப்பது இதுவாகவும் இருக்கலாம். மூச்சு இழுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் அரியலூர் பலகையில் கிடக்கும் பெரிய வஞ்சிரம் மேற்குக் கரையிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். உறைந்து இளகியதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஆம் என்றால் வாங்கலாம். அன்றைக்கே சமைத்துவிடுங்கள், மறுபடி ஃபிரீசரில் போடாதீர்கள். எந்த மீன் வாங்கினாலும் கடையிலிருந்து ஒரு கை ஐஸையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.