பத்தாயிரம் முறை தொடங்கிப் பார்த்த ஆலை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்த் தூளைக் கழுவி, காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றை வைக்க 50 இலட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை; கணக்கு நிஜம். ஆண்டுக்கு 1,000 டன் விற்கும், டன் விலை 20,000 ரூபாய். தூள், கூலி, லாரி எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு 14,000 ரூபாய் செலவு. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டிய நிலைச் செலவு ஆண்டுக்கு 36 இலட்சம். ஆக, ஆண்டுக்கு 24 இலட்சம் மிஞ்சும்.

நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாய்க்கு ஈடாகாது. ஐந்து ஆண்டு வரவையும் 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால், ஆண்டு வரவை 3.605 ஆல் பெருக்கியதற்குச் சமம். அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைப்பது நிகர தற்போதைய மதிப்பு. இங்கே அது 36.5 இலட்சம். வரியையும் இயந்திரத்தின் கழிவு விலையையும் விட்டுவிட்டேன்.

வங்கிக்குப் போகும் திட்ட அறிக்கை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த 1,000 டன் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "சாதாரணமா அவ்வளவு ஓடும்" என்பார்கள். மழைக்காலம் நீண்டு களத்தில் தூள் காயாவிட்டால்? "700க்குக் கூட இறங்கும்." ரொம்ப நல்ல ஆண்டில்? "1,150 வரைக்கும் போகலாம், இயந்திரம் அதுக்கு மேல தாங்காது." இந்தப் பதிலில் உள்ள கோணலைக் கவனியுங்கள். மேலே போக 150 டன் இடம், கீழே விழ 300 டன் இடம். செலவும் இப்படித்தான்: குறைந்தால் 13,000, வழக்கமாக 14,000, வறட்சியில் மட்டை கிடைக்காமல் போனால் 16,500.

குறைந்தது, வழக்கமானது, அதிகபட்சம் என்ற இந்த மூன்று எண்களை வைத்து ஒரு முக்கோணம் வரையலாம். உச்சி வழக்கமான எண்ணில் நிற்கும். இதுவே முக்கோண நிகழ்தகவுப் பரவல். பழைய கணக்குப் புத்தகம் இல்லாத தொழிலில், ஆட்களின் அனுபவத்தை எண்ணாக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இந்த முக்கோணங்களின் சராசரி விற்பனை 950 டன், சராசரிச் செலவு 14,500. அவற்றைப் போட்டால் நிகர மதிப்பு 8.6 இலட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. பகடை உருட்டும் முன்பே 28 இலட்சம் காணாமல் போய்விட்டது.

இனி உருட்டலாம். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாள் சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிக்க முடியாமல், பல முறை ஆடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயர் அந்த முறைக்கு ஒட்டிக்கொண்டது. அதை முதலீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்து பரவலாக்கியது, டேவிட் ஹெர்ட்ஸ் 1964இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை.

கணினி 0க்கும் 1க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணைத் தரும். அதை முக்கோணத்துக்குள் பொருத்த வேண்டும். எக்செல் தாளில் விற்பனைக்கு இப்படி:

```
A2: =RAND()
B2: =IF(A2<2/3, 700+SQRT(A2*450*300), 1150-SQRT((1-A2)*450*150))
```

RAND()ஐத் தனிக் கட்டத்தில் வைத்தது வேண்டுமென்றேதான். சூத்திரத்துக்குள் அதையே மூன்று இடத்தில் எழுதினால், ஒவ்வோர் இடத்திலும் வேறு எண் விழுந்து பரவல் கெட்டுவிடும். பிழை என்று தாள் சொல்லாது. A2இல் 0.24 விழுந்தால் விற்பனை 880 டன். செலவுக்கு 0.543 விழுந்தால் 14,500 ரூபாய். அந்த ஆலை ஆண்டுக்கு 12.4 இலட்சம் ஈட்டி, கடைசியில் 5.3 இலட்சம் நஷ்டத்தில் நிற்கும். இது ஓர் ஓட்டம். இதேபோல் பத்தாயிரம் ஓட்டங்களை ஓட்டி, விடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும்.

அடுக்கிய வரிசையில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். சராசரி 8.6 இலட்சத்தை ஒட்டி இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே விழுந்தவை நூற்றுக்குச் சுமார் 39. இரு முனையிலும் ஐந்து சதவீதத்தை ஒதுக்கிவிட்டால், மீதி 43 இலட்சம் நஷ்டத்துக்கும் 60 இலட்சம் லாபத்துக்கும் நடுவே பரவிக் கிடக்கும். ஆயிரம் ஓட்டம் மட்டும் ஓட்டினால் அந்த 39 என்பது மூன்று புள்ளி முன்பின் ஆடும். பத்தாயிரத்தில் ஒரு புள்ளிதான் ஆடும். அதற்குமேல் துல்லியம் தேடுவது வீண். முக்கோணத்தின் மூன்று எண்களே அவ்வளவு துல்லியமானவை அல்ல.

பலர் சறுக்குவது வேறிடத்தில். மேலே ஒரு முறை விழுந்த எண்ணை ஐந்து ஆண்டுக்கும் வைத்தேன். ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியாக உருட்டினால் என்ன ஆகும்? சராசரி அதேதான். ஆனால் நஷ்ட வாய்ப்பு 27 சதவீதமாகக் குறைந்துவிடும். மோசமான முனையும் 43 இலட்சத்திலிருந்து 15 இலட்சமாகச் சுருங்கிவிடும். ஒரு கெட்ட ஆண்டை அடுத்த நல்ல ஆண்டு ஈடுகட்டிவிடுவதால் வரும் ஆறுதல் இது. மழையைப் பொறுத்தவரை இது ஓரளவு சரி. வாங்கும் நாட்டில் சந்தை இளைத்தாலோ, பக்கத்தில் நாலு ஆலை முளைத்து மட்டை விலையை ஏற்றிவிட்டாலோ, அது ஓராண்டோடு போகாது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆகவே யாராவது அழகான ஒடுங்கிய வரைபடத்தைக் காட்டினால், ஆண்டுகளைத் தனித்தனியாக உருட்டினீர்களா என்று முதலில் கேளுங்கள்.

விற்பனையையும் செலவையும் தொடர்பில்லாதவையாக உருட்டியதும் அப்படித்தான். வறட்சியில் மட்டை குறையும்போது உற்பத்தி விழும், தூள் விலையும் ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் பாதியளவு சேர்ந்து அசைவதாக, அதாவது ஒட்டுறவு −0.5 என்று வைத்தால், நஷ்ட வாய்ப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கும். மோசமான முனை மட்டும் 50 இலட்சத்தையும் தாண்டிவிடும். நஷ்ட வாய்ப்பு என்ற ஒரே எண்ணைப் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. தள்ளுபடி விகிதத்திலும் ஒரு கண் வேண்டும். 12 சதவீதத்துக்குள் ஆபத்துக்கான கூடுதல் ஏற்கெனவே இருந்தால், பரவலைப் பார்த்து மறுபடி பயப்படுவது ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை விலை கொடுப்பதாகும்.

பரவலைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செலவிலிருந்து வருகிறது, மீதி விற்பனையிலிருந்து. ஆலைக்காரர்கள் பொதுவாகக் கவலைப்படுவது விற்பனைக்கு. இப்போது தூள் தருகிறவர் ஒருவர், டன் செலவு 14,500 ரூபாயிலேயே நிற்கும்படி ஐந்தாண்டு ஒப்பந்தம் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட அறிக்கையின்படி இது டன்னுக்கு 500 ரூபாய் நஷ்டம், 36.5 இலட்சம் 18.5 இலட்சமாகிவிடும், கையெழுத்துப் போட மாட்டார்கள். உருட்டிப் பார்த்தால் சராசரி 8.6 இலட்சம் அப்படியே நிற்கிறது, நஷ்ட வாய்ப்பு 39லிருந்து 32க்கு வருகிறது, மோசமான முனை 43 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டை அடமானம் வைத்து ஆலை தொடங்குகிறவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். அது கிடைக்காவிட்டால், இந்த எண்களுக்கு இந்த ஆலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.