போட்டோவில் தெரியாத பல்வலி

"டாக்டர், ராத்திரி பூரா தூங்கல. இந்தப் பல்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. வலது கீழ்க் கடைவாய்ப்பல்லின் மேல் கறுப்பாக ஒரு கோடு. அனுப்பியவருக்கு அதுதான் சொத்தை. மருத்துவர் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார். மெல்லும் பரப்பில் உள்ள பள்ளங்களில் காபிக் கறையோ வெற்றிலைக் கறையோ படிந்தாலும் இப்படித்தான் தெரியும்.

அதனால் அவர் கேள்வி கேட்பார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா? கூச்சம் உடனே போகிறதா, அரை நிமிடம் தாண்டியும் நிற்கிறதா? தானாகவே வலி கிளம்புகிறதா? கூச்சம் நின்று வலித்தால், தூக்கத்தையும் கெடுத்தால், பல்லுக்குள் இருக்கும் நரம்புத் திசு மீள முடியாத அளவுக்கு அழற்சி கண்டிருக்கலாம். இவ்வளவும் தொலைவிலிருந்தே ஊகிக்கலாம். சொல்லப்போனால், போட்டோவைவிட இந்தப் பதில்களே அதிகம் சொல்கின்றன.

எந்தப் பல் என்பதுதான் சிக்கல். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உணர்வு தருவது ஒரே நரம்பின் கிளைகள். அதனால் மேல்பல்லின் வலி கீழ்ப்பல்லில் இருப்பதுபோலத் தோன்றும். இவர் நேரில் வந்தபோது, கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டியும், குளிரூட்டிய பஞ்சை வைத்தும் பார்த்தார்கள். துள்ளவைத்தது மேல் கடைவாய்ப்பல். அதற்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில் ஒளிந்திருந்த சொத்தை எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. எந்தக் கேமராவும் அங்கே எட்டிப் பார்க்காது. போட்டோவை நம்பிக் கீழ்ப்பல்லில் கை வைத்திருந்தால் நல்ல பல் வீணாகியிருக்கும். "ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக் கொடுங்க" என்பார்கள் பலர். இந்த வகை வலி அதற்கு அடங்காது, ரூட் கேனல் வேண்டியிருக்கும்.

வாய்ப்புண் விஷயத்தில் போட்டோ நன்றாகவே உதவும். நிறம், அளவு, இடம் தெரிந்துவிடும். வாரம் ஒன்று எடுத்தால் ஆறுகிறதா என்றும் ஒப்பிடலாம். ஆனால் புண்ணின் ஓரம் கெட்டியாக இருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். புற்றுநோயா என்று உறுதி செய்ய, சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும், புகையிலை போடுபவரின் கன்னத்தில் படரும் வெள்ளைத் திட்டையும் போட்டோவோடு விட்டுவிடக் கூடாது.

போட்டோ எடுப்பதென்றால் வேறொருவர் எடுப்பது நல்லது. எச்சிலைத் துடைத்து, ஸ்பூனின் பின்புறத்தால் கன்னத்தை ஒதுக்கி, ஃப்ளாஷ் போட்டு, ஓர் அடி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். போனை வாய்க்குள் திணித்தால் மங்கல்தான் மிஞ்சும்.

தாடை வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால் போட்டோ எடுக்கவே வேண்டாம். மூச்சுக்குழாய் அடைபடும் அபாயம் அதில் உண்டு. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.